இஎம்ஐ அப்படியே இருந்தது, கடன் காலம்தான் ஓடியது

தாம்பரம்வாசி:
2022 மார்ச்சில் 30 லட்சம் வீட்டுக் கடன் வாங்கினேன். 6.75 சதவீத வட்டி, 20 வருடம், இஎம்ஐ 22,811. ரெப்போவோடு ஏறி இறங்கும் கடன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டியை மாற்றுவார்கள். வாங்கிய நேரம் அப்படி! மே மாதம் தொடங்கி அடுத்த பிப்ரவரிக்குள் ரிசர்வ் வங்கி ரெப்போவை 4-லிருந்து 6.5-க்கு ஏற்றிவிட்டது. ஆனால் என் இஎம்ஐ ஒரு வருடம் அசையவே இல்லை. 2023 ஏப்ரலில் திடீரென்று "வட்டி 9.25, இஎம்ஐ 27,655" என்று கடிதம். இரண்டரை சதவீதம் ஏறியதற்கு மாதம் 4,800 ரூபாய் கூடுமா?

மதுரைக்காரன்:
இஎம்ஐ ஏறாதவரைக்கும் நமக்கு நஷ்டம் இல்லை. வட்டி இறங்கும்போது காலம் தானாகச் சுருங்கிவிடும். என் வங்கியில் அப்படித்தான் விட்டிருக்கிறேன், தலைவலியே இல்லை.

பழைய லோன் ஆபீசர்:
மதுரைத் தம்பி சொல்வது பாதி சரி. காலம் சுருங்கும், ஆனால் இடையில் கட்டிய வட்டி திரும்பி வராது.

தாம்பரம் சாரின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். முதல் தவணையில் 5,936 ரூபாய் அசலுக்குப் போயிருக்கிறது. ஜூலையில் வட்டி 7.65 ஆனதும் அது 3,800 ஆகிறது. மீதி 237 மாதம் இருந்த கடன் 282 மாதமாகிறது. அக்டோபரில் 8.65, மீதி 389 மாதம். ஜனவரியில் 9 சதவீதம் ஆனபோது அசலுக்குப் போனது வெறும் 563 ரூபாய். மீதிக் காலம் 495 மாதம், அதாவது 41 வருடத்துக்கும் மேல். ஒவ்வொரு முறை ஏறும்போதும் காலம் முன்னைவிட வேகமாக நீள்கிறது பாருங்கள். ஷீட்டில் நீங்களே போடலாம்:

```
=NPER(9%/12,-22811,2966395)
```

ஏப்ரலில் 9.25 ஆனதும் அந்த மாத வட்டி மட்டுமே 22,853. உங்கள் இஎம்ஐ 22,811. வட்டிக்கே 42 ரூபாய் பற்றாக்குறை! அதற்கு மேல் காலத்தை நீட்ட வழியே கிடையாது, கடன் குறையாமல் வளரத்தான் செய்யும். அதனால்தான் வங்கி இஎம்ஐயில் கை வைத்தது. முதலில் பேசிய 20 வருடத்துக்குள் முடிக்க, மீதி 228 மாதத்துக்கு 27,655 சரியான கணக்குதான். ஆனால் ஜூலையிலேயே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து.

திருச்சி மாணிக்கம்:
எனக்கு ஃபிக்ஸட் வட்டி. எனக்கும் இப்படி ஏறுமா?

பழைய லோன் ஆபீசர்:
சில ஃபிக்ஸட் கடன்கள் முதல் சில வருடங்களுக்கு மட்டும்தான் ஃபிக்ஸட், அப்புறம் ஃப்ளோட்டிங்காக மாறிவிடும். ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.

தாம்பரம்வாசி:
நன்றி சார். கடிதம் வந்ததும் கிளைக்குப் போய், "25,000 கட்டுகிறேன், கொஞ்சம் நீட்டித் தாருங்கள்" என்று கேட்டேன். அப்படியானால் 320 மாதம் ஆகும் என்றார்கள். மொத்தமாகப் பார்த்தால் 27,655 கட்டுவதைவிடச் சுமார் 17 லட்சம் கூடுதலாகப் போகும். அது போதாதென்று எனக்கு அப்போது 38 வயது, 60-க்குள் முடிய வேண்டும் என்பது அவர்கள் நிபந்தனை. எனவே 264 மாதத்துக்கு மேல் தர முடியாது என்றார்கள். கடைசியில் 26,300 சொச்சத்தில் நின்றது.

பழைய லோன் ஆபீசர்:
அந்த வயதுக் கணக்கு வங்கிக்கு வங்கி மாறும். 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வட்டி மாறும்போது இஎம்ஐயைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமா என்று கடன் வாங்கியவரிடம் கேட்க வேண்டும்; காலத்தை நீட்டுவதால் கடன் வளரும் நிலை வரக் கூடாது. உங்கள் சம்பவம் அதற்கு நாலு மாதம் முந்தியது. மதுரைத் தம்பி, உங்கள் ஸ்டேட்மென்ட்டில் வட்டி, அசல் என்று இரண்டு பத்தி இருக்கும். அசல் பத்தியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

மதுரைக்காரன்:
பார்த்தேன். 1,140 ரூபாய். அடுத்த மாதம் போனஸ் வரும், அதை அசலில் போட்டால் அபராதம் பிடிப்பார்களா?

பழைய லோன் ஆபீசர்:
தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனுக்குப் பிடிக்கக் கூடாது. கட்டும்போது "இஎம்ஐ அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள்.

சேலம் அக்கா:
என்னுடையது வீட்டுக் கடன் நிறுவனத்தில் வாங்கிய பழைய கடன், ரெப்போவோடு சேராதது. 2022-ல் ஏற்றும்போது உடனே ஏற்றினார்கள். 2025-ல் ரெப்போ இறங்கிய பிறகு, எங்கள் அளவுகோல் வேறு என்கிறார்கள். புதிதாக வாங்குபவர்களின் வட்டிக்கு மாற வேண்டுமானால் தனிக் கட்டணமாம். அதைக் கொடுத்து இங்கேயே மாறுவதா, வேறு வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போவதா? இன்னும் ஒன்பது வருடம் பாக்கி.

பழைய லோன் ஆபீசர்:
மீதி அசல் எவ்வளவு, கட்டணம் எவ்வளவு என்று தெரியாமல் சொல்ல முடியாது அக்கா. வேறு வங்கிக்குப் போனால் பத்திரப் பதிவு, சட்டக் கருத்து என்று அங்கேயும் செலவு உண்டு. இரண்டு இடத்திலும் எழுத்தில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.