மாக்னம் போத்தலும் திருமலை வெக்கையும்

(குடும்பக் குழு: ஓர்ஸ் ஹில் வீட்டார்)

தயா மாமா (பாரிஸ்): எல்லோருக்கும் வணக்கம். தையில் திருமலைக்கு வருகிறேன். சின்னவள் பிறந்தது 2022 என்பதால் அந்த வருடத்துப் போர்தோ சிவப்பு வைன் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். மாக்னம், ஒன்றரை லீற்றர். அவளுக்கு 21 ஆகும்போது, 2043-இல் உடைப்போம். பெரிய போத்தலில்தான் வைன் நன்றாக முதிரும் என்று கடைக்காரன் சொல்கிறான். உண்மையா, காசு பிடுங்குகிறானா? கிருபா, நீதானே ஹோட்டலில் இதோடு கிடக்கிறாய்.

சுகந்தி அக்கா: மாமா, பள்ளிக்கூடமே போகாத பிள்ளைக்கு வைனா? சைக்கிள் ஒன்று வாங்கி வாங்கோ.

றொஷான்: கடைக்காரன் சொல்வது சரி மாமா. காற்றுப் படுவது குறைவு. வாங்கினால் ஆறு லீற்றர் போத்தலாக வாங்குங்கோ. சாதாரண 750 மில்லிலீற்றர் போத்தலைப் போல எட்டு மடங்கு, எட்டு மடங்கு காலம் தாங்கும்.

நிதி அண்ணை: நல்ல நேரத்தில் கதை எடுத்தீர்கள். மூத்தவன் கல்யாணத்துக்கு வாங்கிய சாராயம் முழுப் போத்தல் ஒன்றும் அரைப் போத்தல் ஒன்றும் அலுமாரியில் கிடக்கிறது. பெரியதுதான் இப்போது நல்ல பழசாக இருக்கும், என்ன?

கிருபா: நிதி அண்ணை, சாராயத்துக்கு வயசு பீப்பாவோடு முடிந்தது. போத்தலுக்குள் போன பிறகு அது முதிராது, எதை முதலில் திறந்தாலும் ஒன்றுதான். வைன் அப்படி இல்லை, போத்தலுக்குள்ளும் மாறிக்கொண்டே இருக்கும்.

மாமா, கடைக்காரன் பொய் சொல்லவில்லை, ஆனால் பாதியைத்தான் சொல்லியிருக்கிறான். 750-க்கும் மாக்னத்துக்கும் கழுத்து கிட்டத்தட்ட ஒரே அளவு, தக்கையும் அப்படித்தான். அந்தத் தக்கை வழியாக வருடம் முழுக்க உள்ளே போகிற துளி ஒட்சிசன் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்று. தக்கைக்குக் கீழே நிற்கிற காற்றிடைவெளியும் பெரிதாக வித்தியாசப்படாது. ஒன்றில் அதை 750 மில்லிலீற்றர் பங்கு போடுகிறது, மற்றதில் 1,500. அதனால் மாக்னத்தில் வைன் மெதுவாக மாறுகிறது. 375 மில்லிலீற்றர் அரைப் போத்தலில் அதே கணக்கு மறுபக்கம் திரும்பும், அது முந்திக்கொண்டு கிழடாகும்.

றொஷான்: அதைத்தானே நானும் சொன்னேன்.

கிருபா: இல்லை தம்பி, எட்டு மடங்கு என்பது சரிவராது. நிரப்பும்போதே வைனில் கரைந்துபோகிற ஒட்சிசன் லீற்றருக்கு இவ்வளவு என்றுதான் வரும், போத்தல் பெரிது என்பதற்காக அது குறையாது. அதனால் மாக்னத்தில்கூடச் சரியாகப் பாதி வேகம் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அதோடு ஆறு லீற்றர் போத்தலின் கழுத்து அகலம், அதற்குத் தனியாகப் பெரிய தக்கை வேண்டும், பெரும்பாலும் கையாலே அடைப்பார்கள். கொஞ்சம் சரிந்து இறங்கினால் ஓரத்தால் கசியும். எங்களிடம் ஒரு தடவை வந்ததில் மேலே சுற்றியிருந்த தகடு ஒட்டிக்கொண்டு நின்றது. உரித்துப் பார்த்தால் தக்கையின் பக்கத்தில் கீழிருந்து மேல்வரை சிவப்புக் கோடு. அந்த வைனை யாரும் குடிக்கவில்லை.

தயா மாமா: அவனிடம் ஜெரோபோம் என்று இன்னொன்றும் இருந்தது. அது என்ன அளவு?

கிருபா: ஷம்பேன் என்றால் மூன்று லீற்றர். போர்தோ என்றால் ஐந்து, பழைய போத்தல்களில் நாலரை. போர்தோவில் மூன்று லீற்றருக்கு டபிள் மாக்னம் என்பார்கள். பெயரைப் பார்க்காமல் லேபிளில் லீற்றரைப் பாருங்கோ.

சுகந்தி அக்கா: எல்லாம் சரி, 2043 வரைக்கும் இதை நான் எங்கே வைப்பது? அதைச் சொல்லு முதலில்.

றொஷான்: அக்கா, பெரிய போத்தல் சூடாகவும் நேரம் எடுக்கும். அதனாலும் நல்லது.

கிருபா: பகலில் ஏறி இரவில் இறங்குகிற சூட்டுக்கு அது சரி. எங்கள் ஊரில் இரவிலும் வெக்கை விடாதே! வைகாசி ஆனியில் மத்தியானம் 35 பாகைக்குக் கிட்ட, விடியும்போதும் 25-க்கு மேல். மாக்னம் கொஞ்சம் பிந்திச் சூடாகும், அவ்வளவுதான். சில நாளில் அதுவும் அறையின் சூட்டுக்கு வந்து நிற்கும். வைன் கிடக்க வேண்டியது 12, 13 பாகையில். சூட்டில் வைன் விரிந்து தக்கையை மேலே தள்ளும், உள்ளே நடக்கிற மாற்றமும் விரைவாகும். நல்லபடி முதிர்ந்த மணம் வராது, வேகவைத்த பழ வாசனைதான் வரும். தக்கை விளிம்புக்கு மேல் துருத்தி நின்றாலோ, வைன் மட்டம் கழுத்தை விட்டுத் தோளுக்கு இறங்கியிருந்தாலோ சந்தேகப்படுங்கோ. அங்கே மாக்னமோ அரைப் போத்தலோ, விதி ஒன்றுதான்.

சுகந்தி அக்கா: பிரிட்ஜில் வைத்தால்?

கிருபா: ஒரு வாரம், ஒரு மாதம் என்றால் பரவாயில்லை. வருடக்கணக்கில் வைத்தால் அந்தக் காய்ந்த காற்றில் தக்கை சுருங்கும். கறண்ட் போய்ப் போய் வருவதும் இருக்கிறது. மாக்னத்தைப் படுக்க வைக்க உங்கள் பிரிட்ஜில் ஒரு தட்டையே கழற்ற வேண்டும்.

பெரியம்மா: தட்டைக் கழற்றினால் என் தோசை மாச் சட்டி எங்கே போகும்? உங்கள் ஹோட்டலில் வை.

கிருபா: எங்கள் வைன் குளிரூட்டியின் அடுக்கு 750-க்கு வளைத்தது பெரியம்மா, மாக்னம் அதில் இறங்காது. நான் அங்கே 2043 வரை இருப்பேன் என்று யார் சொன்னது?

மாமா, என் யோசனை இதுதான். அங்கேயே வாங்கி அங்கேயே வையுங்கோ. உங்கள் கட்டடத்துக்குக் கீழே நிலவறை இருக்கிறது அல்லவா? படுக்க வைத்து, வெளிச்சம் படாமல் விட்டால் போதும். ஆனால் போத்தல் பெரிது என்பதற்காக மெல்லிய வைன் 20 வருடம் தாங்காது. மலிவான வைன் மாக்னத்திலும் மலிவுதான். நல்ல துவர்ப்பும் புளிப்பும் உள்ளதாகப் பாருங்கோ. அதே வைனில் அரைப் போத்தல் கிடைத்தால் மூன்று நாலு சேர்த்து எடுங்கோ. சில வருடத்துக்கு ஒன்றைத் திறந்தால், அது முந்திப் போவதால் மாக்னம் எங்கே நிற்கிறது என்று ஊகிக்கலாம். அரைப் போத்தல் இன்னும் வாயைப் பிடிக்கிறது என்றால் மாக்னத்தைத் தொட வேண்டாம்.

நிதி அண்ணை: அந்த அரைப் போத்தல்களைத் திறக்கும்போது என்னையும் பாரிசுக்குக் கூப்பிடுங்கோ.

சுகந்தி அக்கா: இரண்டு சாதாரணப் போத்தல் வாங்கினால் என்ன? அளவு ஒன்றுதானே?

கிருபா: நல்ல கேள்வி அக்கா. தக்கை பழுதாகி நனைந்த அட்டை மாதிரி மணத்தால் மாக்னத்தில் ஒன்றரை லீற்றரும் போச்சு. இரண்டு போத்தல் என்றால் ஒன்றாவது மிஞ்சும். மெதுவாக முதிர்வது பெரிதா, இந்தப் பயம் பெரிதா என்பதில் எனக்கே ஒரு முடிவு இல்லை. 150 மில்லிலீற்றர் கிளாஸ் என்றால் மாக்னத்தில் பத்து வரும். ஒரு மேசைக்கு ஒரு போத்தல் என்று கொண்டுவந்து வைப்பதில் ஒரு அழகு இருக்கிறது, அதனால் நான் மாக்னம் பக்கம். இங்கே கொண்டுவந்த பிறகு சில நாள் நிமிர்த்தி வையுங்கோ, மண்டி அடியில் படியட்டும்.

றொஷான்: நான் இப்போதும் ஆறு லீற்றர் பக்கம்.

தயா மாமா: கிருபா, எங்கள் நிலவறையில் வெந்நீர்க் குழாய் ஒன்று போகிறது. அது பிரச்சினையா?

கிருபா: குழாயிலிருந்து எட்டின மூலையில் ஒரு வெப்பமானியை வைத்து ஆடி ஆவணியில் பாருங்கோ, அங்கே அப்போதுதான் கோடை. பிறகு குளிர்காலத்தில் குழாய் சூடாக ஓடும்போதும் ஒரு தடவை. 15, 16-க்குள் நின்றால் நிம்மதி. 20 தாண்டினால் வேறு இடம் தேடுங்கோ.

சுகந்தி அக்கா: சைக்கிளையும் மறக்க வேண்டாம் மாமா.