அவசரம்: காய்ச்சலுக்குப் பிறகு தம்பிக்குக் கண் மஞ்சள். டிக்கோயாவா, நுவரெலியாவா?

தம்பிக்கு 28 வயது, அட்டன் பக்கம் தோட்டம். காய்ச்சல் தொடங்கி இன்று எட்டாவது நாள். முதலில் கண் சிவந்தது, கெண்டைக்காலைத் தொடவே விடவில்லை. அதற்கு இரண்டு கிழமை முன்பு வெறுங்காலோடு கான் வெட்டியிருக்கிறான். ஆறாவது நாள் கண் மஞ்சளானது. சிறுநீர் கடுஞ்சாயத் தேத்தண்ணி நிறம். நேற்றிலிருந்து அதுவும் குறைவு. இன்று காலையிலிருந்து ஒரே தடவைதான்.

முதல் நான்கு நாளும் பரசிட்டமோல் கொடுத்தோம். பிறகு மூன்று காலை அம்மா கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுத்தார். பக்கத்து லயத்துப் பிள்ளைக்கு அதில்தான் சுகமானதாம். அந்தப் பிள்ளைக்கு வந்தது சாப்பாடு, தண்ணீரால் வரும் ஹெப்படைட்டிஸ் ஏ. அது பெரும்பாலும் தானாகவே ஆறும், பெயர் மட்டும் கீழாநெல்லிக்கு!

நேற்று தனியார் லேப்பில் இரத்தம் பார்த்தோம்: பிலிருபின் 9, எஸ்ஜிபிடி 140. டிஸ்பென்சரி ஐயா ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, "ஹெப்படைட்டிஸ் என்றால் எஸ்ஜிபிடி ஆயிரக்கணக்கில் ஏறியிருக்கும். இது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். சிறுநீரகத்தையும் பிடிக்கும், உடனே கிரியேட்டினின் பார்க்க வேண்டும்" என்றார். கண்ணைப் பார்த்தால் இரண்டு நோயிலும் ஒரே மஞ்சள்தான். அம்மாவோ ஏழு நாள் மருந்தை முடிக்கட்டும் என்கிறார். நான் ஓட்டோவுக்குச் சொல்லிவிட்டேன்.

ஒரே கேள்வி: டிக்கோயா ஆதார வைத்தியசாலையில் இரவிலும் கிரியேட்டினின் பார்ப்பார்களா, இல்லை நேரே நுவரெலியாவுக்கே போவதா?