பழைய கம்பெனிச் சட்டத்தின் 201-ஆம் பிரிவு இப்போது இல்லை. இயக்குநரின் எல்லாப் பொறுப்பையும் கம்பெனியே ஏற்கலாமா?

கோவைவாசி:
எங்கள் பிரைவேட் லிமிடெட்டில் புது முதலீட்டாளர் வருகிறார். நான் எம்.டி. "இயக்குநருக்கு எந்தப் பொறுப்பு வந்தாலும், அபராதம் உட்பட, கம்பெனியே ஈடுகட்டும்" என்று கம்பெனியின் உள்விதிகளான ஆர்ட்டிகிள்ஸில் சேர்க்கச் சொல்கிறார் எங்கள் ஆடிட்டர். செல்லுமா? இயக்குநர்கள், அதிகாரிகள் மேல் வரும் வழக்குகளுக்கான இன்ஷூரன்ஸ், அதாவது டி அண்ட் ஓ பாலிசி, இருந்தால் இது தேவையா?

மலைக்கோட்டை:
தாராளமாகச் சேருங்கள் சார். 1956 சட்டத்தின் 201-ஆம் பிரிவுதான் இப்படிப்பட்ட வாசகங்களைச் செல்லாதவை என்றது. 2013 சட்டத்தில் அதற்கு இணையான பிரிவே கிடையாது. எடுத்துவிட்டார்கள் என்றால் தடை போய்விட்டது என்றுதான் பொருள்.

வக்கீல்குறிப்பு:
பிரிவு போனது உண்மை. அதனால் எல்லாம் செல்லும் என்பதை ஏற்க மாட்டேன். ஒப்பந்தச் சட்டத்தின் 23-ஆம் பிரிவு அப்படியேதான் இருக்கிறது; பொதுநலக் கொள்கைக்கு எதிரான ஒப்பந்தம் செல்லாது. மோசடி செய்தவருக்குக் கம்பெனி பணம் கட்டும் என்ற வாசகம் எந்த நீதிமன்றத்திலும் நிற்காது.

அபராதத்தையும் பாருங்கள். வருடாந்திர ரிட்டர்ன் தாக்கல் செய்யாவிட்டால் 2013 சட்டத்தின் 92(5)-இன்படி கம்பெனிக்குத் தனித் தண்டம், பொறுப்பான அதிகாரிக்குத் தனித் தண்டம்; அதிகாரிக்கு 50,000 ரூபாய் வரை. கம்பெனிப் பதிவாளர் போடும் பல உத்தரவுகளில் "இயக்குநர் தம் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும்" என்றே எழுதியிருக்கும். ஆர்ட்டிகிள்ஸைக் காட்டிக் கம்பெனிக் கணக்கில் கட்டினால் அந்த உத்தரவையே மீறியதாகும்.

மலைக்கோட்டை:
அபராதத்தை விட்டுவிடுவோம். நல்லெண்ணத்தோடு எடுத்த முடிவில் கவனக்குறைவு நேர்ந்தால்? 197(13) கவனக்குறைவுக்கும் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம் என்கிறதே.

வக்கீல்குறிப்பு:
அது இன்ஷூரன்ஸைப் பற்றிய பிரிவு. பிரீமியத்தை எம்.டி.யின் ஊதியத்தில் சேர்க்க வேண்டியதில்லை, குற்றம் நிரூபணமானால் சேரும், அவ்வளவுதான். கம்பெனி தன் பையிலிருந்து கொடுப்பது வேறு.

கோவைவாசி சார், உங்கள் இடத்தில் வைத்தே சொல்கிறேன். பரிசோதிக்காமல் 2 கோடிக்கு ஒரு மெஷின் வாங்கக் கையெழுத்துப் போட்டீர்கள், அது ஓடவில்லை என்று வைத்துக்கொள்வோம். புது முதலீட்டாளர் கைக்குப் போன கம்பெனி உங்கள் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போட்டு ஜெயிக்கிறது. நீங்கள் கம்பெனிக்கு 2 கோடி கட்ட வேண்டும், அந்த வாசகத்தின்படி கம்பெனி அதே 2 கோடியை உங்களுக்குத் தர வேண்டும். அப்படியானால் கவனத்தோடு நடக்க வேண்டும் என்று 166-ஆம் பிரிவு இயக்குநர் மேல் வைத்த கடமைக்கு என்ன மிச்சம்? இதே மெஷின் விஷயத்தில் சப்ளையர் உங்களைத் தனிப்பட்ட முறையில் இழுத்து, தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால் வக்கீல் செலவைக் கம்பெனி தாராளமாகத் தரலாம். சட்டத்தோடு வரும் மாதிரி ஆர்ட்டிகிள்ஸான டேபிள் எஃப்-இன் 80-ஆம் விதியும் அதைத்தான் சொல்கிறது: ஜெயித்தால், விடுதலையானால், அல்லது நீதிமன்றமோ தீர்ப்பாயமோ விலக்கு அளித்தால்.

பாலிசிமேசை:
அந்த விதியில் பலர் கவனிக்காத ஓட்டை ஒன்று உண்டு. சமரசமாக முடிந்தால் ஜெயித்ததும் இல்லை, தோற்றதும் இல்லை. பல சிவில் தகராறுகள் சமரசத்தில்தான் முடிகின்றன. ஆர்ட்டிகிள்ஸில் சமரசத்தையும் சொல்லி எழுதுங்கள், பாதிப்பில்லாத இயக்குநர்கள் மட்டும் ஒப்புதல் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு.

வக்கீல் சார் சொன்ன 2 கோடி கேஸில் பாலிசியையும் முழுசாக நம்ப முடியாது. கம்பெனியே தன் இயக்குநர் மேல் போடும் வழக்கை விலக்கும் வாசகம் பல பாலிசிகளில் இருக்கிறது. வாங்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். மோசடி விலக்கு "இறுதித் தீர்ப்பு வந்த பிறகுதான்" என்று இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். அது இல்லாவிட்டால் புகார் வந்த அன்றே வழக்குச் செலவை நிறுத்திவிடக்கூடும்.

ஓய்வுபெற்றவர்:
நான் ஒரு லிஸ்டட் கம்பெனியில் சுயேச்சை இயக்குநராக இருந்தேன். செபி விதி 25(10)-இன்படி சந்தை மதிப்பில் முதல் 1000 லிஸ்டட் கம்பெனிகள் எங்களுக்குப் பாலிசி எடுத்தே ஆக வேண்டும், 2022 ஜனவரி 1 முதல். பாலிசி இருக்கிறது என்று நிம்மதியாக விலகினேன். விலகிய பின், நான் போர்டில் இருந்த காலத்து விவகாரத்துக்கு நோட்டீஸ் வந்தது. கம்பெனி அதற்குள் பாலிசியைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தது. சம்பவம் நடந்தபோது பாலிசி இருந்ததே என்றேன், நோட்டீஸ் வந்த நாளில் இல்லையே என்றார்கள்.

பாலிசிமேசை:
ஆமாம் ஐயா, கோரிக்கை வரும் நாளில் நடப்பில் இருக்கும் பாலிசிதான் பேசும். அதனால்தான் விலகும்போது, பிறகு வரும் கோரிக்கைகளுக்கும் பொருந்தும் பின்காலப் பாதுகாப்பை எழுத்தில் வாங்கச் சொல்வோம். கோவைவாசி சாருக்கு இது இன்னும் முக்கியம், கம்பெனி கை மாறும்போதுதான் பழைய பாலிசி பெரும்பாலும் நின்றுபோகிறது.

கோவைவாசி:
அபராதம், மோசடி, கம்பெனியே போடும் வழக்கு மூன்றையும் எடுத்துவிடச் சொல்கிறேன். வழக்கு நடக்கும்போதே வக்கீலுக்குக் கம்பெனி முன்பணம் தரலாமா? ஜெயிக்கும் வரை நான் எங்கே போவது?

மலைக்கோட்டை:
தரலாம். தோற்றால் திருப்பித் தருகிறேன் என்று எழுதிக் கொடுங்கள்.

வக்கீல்குறிப்பு:
திருப்பித் தர வேண்டிய பணம் என்றால் அது கடன்தானே? இயக்குநருக்குக் கடன் என்றதும் அதைக் கட்டுப்படுத்தும் 185-ஆம் பிரிவு வந்துவிடும். பிரைவேட் கம்பெனிக்கான விலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்று முதலில் பார்க்க வேண்டும்: வேறு கம்பெனி பங்கு மூலதனத்தில் முதலீடு செய்திருக்கிறதா, வங்கிக் கடன் எவ்வளவு, பாக்கி ஏதாவது இருக்கிறதா. உங்கள் முதலீட்டாளர் தனிநபரா, கம்பெனியா?

கோவைவாசி:
கம்பெனிதான் சார்.

வக்கீல்குறிப்பு:
அப்படியென்றால் அந்த விலக்கை நம்ப வேண்டாம். இது கடனே அல்ல, அலுவல் செலவு என்று வாதாடவும் இடமிருக்கிறது, எனக்கே முழுத் திருப்தி இல்லை. வழக்குச் செலவை அவ்வப்போது இன்ஷூரரே கொடுக்கும் வாசகத்தைப் பாலிசியில் கேட்டு வாங்குங்கள்.