புதுப்பிப்பு: சிரைக்கசிவு என்ற அறிக்கையும் இரண்டாவது ஸ்கேனும்

முன்பு நான் கேட்டது: “ஆணுறுப்பில் விறைப்பு வருகிறது, இரண்டு நிமிடத்தில் தளர்ந்துவிடுகிறது. இரத்த ஓட்டத்தை அளக்கும் டாப்ளர் ஸ்கேனில் சிரைக்கசிவு, அதாவது இரத்தம் தங்காமல் சிரைகள் வழியே வடிந்துவிடுகிறது என்கிறார்கள். அறுவை சிகிச்சைதான் வழியா?”

செங்கோட்டையிலிருந்து மலை தாண்டித் திருவனந்தபுரம் சென்று மறுபரிசோதனை செய்துகொண்டேன். முதல் ஸ்கேனில் இரத்தம் உட்புகும் வேகம் வினாடிக்கு 38 செ.மீ., அதாவது நல்ல அளவு. ஆனால் இதயம் தளரும் கட்டத்திலும் 8 செ.மீ. ஓட்டம் நீடித்தது, 5-ஐத் தாண்டினால் கசிவு என்று எழுதுவது வழக்கம்.

இங்கு பதிலளித்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஐயா, “ஸ்கேனுக்காக விறைப்பை வரவழைக்கும் ஊசி போட்டபின் முழு விறைப்பு வந்ததா?” என்று கேட்டதுதான் என்னைத் திரும்பப் போகவைத்தது. வரவில்லை. அச்சத்தில் சுரக்கும் அட்ரினலின் ஆணுறுப்பின் உள்தசையைத் தளரவிடாது. தசை விரியாவிட்டால் அதைச் சூழ்ந்த உறைக்கு அடியிலுள்ள சிரைகள் நசுங்காமல், ஆரோக்கியமானவருக்கும் இரத்தம் வடிந்துவிடும். இம்முறை தனியறையில், மங்கிய வெளிச்சத்தில் இரண்டாவது ஊசி போட்டு, 20 நிமிடம் கழித்து அளந்தபோது இதயம் தளரும் கட்ட ஓட்டம் 2-ஆக இறங்கியது, விறைப்பும் நீடித்தது. நான்கு மணி நேரத்தில் தளராவிட்டால் உடனே வரவேண்டும் என்று எச்சரித்தே அனுப்பினார்கள்.

ஆணுறுப்பின் அடியில் வளையம் அணியச் சொன்ன அண்ணன் சொன்னதில் பாதி சரி: அது இரத்தத்தைத் தேக்கும், ஆனால் அரைமணிக்கு மேல் கூடாது, காரணத்தையும் காட்டாது. தம் சர்க்கரை நோயோடு ஒப்பிட்ட நண்பருக்கு உட்புகும் ஓட்டமே குறைவு. அது வேறு சிக்கல்.

வீட்டில் சில நாட்களில் இன்னும் தளர்கிறது. அது பதற்றம் மட்டும்தானா என்று மருத்துவரும் உறுதியாகச் சொல்லவில்லை. அறுவை சிகிச்சைப் பேச்சை மட்டும் நிறுத்திவைத்திருக்கிறோம்.