சரிகட்டும் பட்டியல் பொருந்துகிறது, தணிக்கையாளர் ஏற்கவில்லை: பின்தேதியிட்ட காசோலைகளை எப்போது ஏற்றுவது?

புதுப்பேரேடு எழுதியது:

வணக்கம். ஒரு மொத்த வணிக நிறுவனத்தின் கணக்குகளை அண்மையில் பொறுப்பேற்றிருக்கிறேன். முன்பிருந்த கணக்கர் விலகிவிட்டார். ஆண்டுக் கணக்கு மார்ச் 31-இல் முடிகிறது.

அன்றைய வங்கி அறிக்கையில் இருப்பு 1,40,000. நமது பேரேட்டில் வங்கி இருப்பு 2,20,000. பழைய கணக்கர் தயாரித்த வங்கிச் சரிகட்டும் பட்டியலில் இந்த வேறுபாட்டுக்கு விளக்கம் இருக்கிறது: செலுத்தியும் வரவாகாத காசோலைகள் 3,60,000 கூட்டல், கொடுத்தும் பணமாக்கப்படாத காசோலைகள் 2,80,000 கழித்தல். கணக்குப் போட்டால் சரியாக 2,20,000 வருகிறது.

ஆனால் கோப்பைத் திறந்து பார்த்தால் அந்த 3,60,000 என்பது ஒரே வாடிக்கையாளர் மார்ச் 20-இல் கொடுத்த மூன்று காசோலைகள். தலா 1,20,000. ஏப்ரல் 15, மே 15, ஜூன் 15 என்று தேதியிட்டவை. கொடுத்த பக்கம் உள்ள 2,80,000-இல் 30,000 மட்டும் மார்ச் 28 தேதியிட்டது. மீதி 2,50,000 சரக்கு தந்தவருக்குக் கொடுத்த இரண்டு காசோலைகள், ஏப்ரல் 10 மற்றும் ஏப்ரல் 25 தேதிகளில்.

தணிக்கையாளர் இதை ஏற்க முடியாது என்கிறார். முதலாளியோ, "காசோலை கைக்கு வந்துவிட்டது, வரவு வைத்தாயிற்று, பட்டியலும் பொருந்துகிறது, இன்னும் என்ன?" என்கிறார். அவருக்கு என்ன சொல்லி விளக்குவது, பதிவுகளை எப்படித் திருத்துவது?

எச்சரிக்கை_கணக்கு எழுதியது:

வந்த காசோலைகளை நீக்கிவிடுங்கள். தேதி வராத காசோலை பணமாகாது. ஆனால் கொடுத்த காசோலைகளைத் தொடாதீர்கள். வரவை உறுதியான பிறகு எழுது, செலவை முன்கூட்டியே எழுது என்பதுதானே முன்னெச்சரிக்கைக் கோட்பாடு? காசோலையில் கையெழுத்திட்டுக் கொடுத்துவிட்டோம், அந்தப் பணம் போனதாகவே கருத வேண்டும்.

வாடகை_அலுவலகம் எழுதியது:

எனக்கும் இதே சிக்கல்தான். அலுவலக வாடகைக்கு ஆண்டு முழுவதற்குமான 12 காசோலைகளை உரிமையாளர் மொத்தமாக வாங்கிக்கொண்டார். பன்னிரண்டையும் வாடகைச் செலவாக ஒரே நாளில் எழுதியிருக்கிறோம். தணிக்கையாளர் எதுவும் கேட்கவில்லையே. உங்கள் தணிக்கையாளர் அளவுக்கு மீறிக் கண்டிப்பானவரோ?

தணிக்கைமேசை எழுதியது:

புதுப்பேரேடு, உங்கள் தணிக்கையாளர் சொல்வது சரி. பழைய பட்டியல் ஏன் பொருந்துகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன், முதலாளிக்கும் அதுதான் புரியும்.

பேரேட்டில் தவறாக ஏற்றிய தொகையையே பட்டியலிலும் காரணமாகக் காட்டினால் அது எப்போதும் பொருந்தும். பொருந்துவதால் எதுவும் நிரூபணமாகிவிடாது. "செலுத்தியும் வரவாகாத காசோலை" என்றால் வங்கியில் கொடுத்தாயிற்று, வசூலாவதற்கு ஓரிரு நாள் எடுக்கிறது என்று பொருள். அந்த மூன்று காசோலைகளும் வங்கிக்கே போகவில்லை, உங்கள் கோப்பில் இருக்கின்றன. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி, அடுத்த மாத வங்கி அறிக்கையை எடுத்துவைத்துப் பார்ப்பது. உண்மையான நிலுவை ஏப்ரல் முதல் வாரத்திலேயே தீர்ந்திருக்கும். ஜூன் வரை பட்டியலில் தொங்கும் காசோலை என்றால் அதன் தேதியைப் பார்க்க வேண்டும்.

திருத்திய கணக்கு இப்படி வரும். வங்கி அறிக்கையில் 1,40,000. மார்ச் 28 தேதியிட்டு, இன்னும் பணமாக்கப்படாத 30,000-ஐ மட்டும் கழித்தால் 1,10,000. மார்ச் 31-இல் பேரேட்டின் வங்கி இருப்பு அதுதான் இருக்க வேண்டும். இப்போது காட்டுவது அதைப்போல் இரு மடங்கு. அந்த 30,000 காசோலை மார்ச் 31-க்குள் உரியவர் கைக்குப் போனதா என்றும் பார்த்துவிடுங்கள். எழுதி மேசை அறைக்குள்ளேயே வைத்திருந்தால் அதுவும் கொடுத்ததாகாது, வங்கி இருப்பில் திரும்பச் சேர்க்க வேண்டும்.

எச்சரிக்கை_கணக்கு சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாம் பாதியை ஏற்க முடியாது. சரக்கு வாங்கிய அன்றே கொள்முதலும், தர வேண்டிய கடனும் எழுதியாயிற்று. செலவு அங்கேயே முடிந்தது. தேதி வராத காசோலையைப் பதிவதால் கூடுதல் செலவு எதுவும் எழுதப்படுவதில்லை. கடனீந்தோர் கணக்கிலிருந்த 2,50,000 மறைகிறது, வங்கி இருப்பு அதே அளவு குறைகிறது, அவ்வளவுதான். நிறுவனம் தர வேண்டிய கடனை இருப்புநிலைக் குறிப்பிலிருந்து எடுத்துவிடுவது எப்படி முன்னெச்சரிக்கையாகும்? ஏப்ரல் 10 வரை அந்தச் சரக்காளருக்கு நீங்கள் கடன்பட்டவர்தான், பணமும் உங்கள் கணக்கில்தான் இருக்கிறது.

வாடகை_அலுவலகம், உங்கள் நிலை வேறு. புதுப்பேரேட்டின் சரக்காளருக்குக் கடன் ஏற்கெனவே உண்டு. நீங்கள் இன்னும் குடியிருக்காத மாதத்துக்குக் கடனே பிறக்கவில்லை. ஒவ்வொரு மாத வாடகையும் அந்த மாதத்தில்தான் செலவு, ஒவ்வொரு காசோலையும் அதன் தேதியில்தான் வங்கிப் பதிவு. பன்னிரண்டும் ஒரே நிதியாண்டுக்குள் அடங்கியிருந்தால் ஆண்டு இறுதியில் செலவுத் தொகை மாறாது, அதனால் கேள்வி வராமல் போயிருக்கலாம். இரண்டு ஆண்டுகளில் விழுந்தால் லாபமே தவறாகும்.

புதுப்பேரேடு எழுதியது:

தெளிவாகிவிட்டது, நன்றி ஐயா. 30,000 காசோலை மார்ச் 29-இலேயே கைமாறியிருக்கிறது, பெற்றுக்கொண்ட கையொப்பம் இருக்கிறது. இரண்டு கேள்விகள். பதிவுகளை அழித்துவிடலாமா, எதிர்ப்பதிவு போடலாமா? இன்னொன்று, வந்த காசோலைகளில் முதலாவது, ஏப்ரல் 15 தேதியிட்டது, போதிய பணமில்லை என்று ஏப்ரல் 17-இல் திரும்பிவிட்டது. மே மாதக் காசோலையையும் வங்கியில் போட வேண்டாம், சொல்லும்வரை பொறுங்கள் என்கிறார் வாடிக்கையாளர். அது இந்த ஆண்டுச் சங்கதி, மார்ச் 31 கணக்குக்குத் தொடர்பில்லை என்று விட்டுவிடலாமா?

தணிக்கைமேசை எழுதியது:

பதிவுகளை அழிக்க வேண்டாம். மார்ச் மாதக் கணக்கு இன்னும் பூட்டப்படவில்லை என்றால் அந்த ஐந்து பதிவுகளின் தேதியைக் காசோலைத் தேதிக்கு மாற்றிவிடலாம். பூட்டியிருந்தால் மார்ச் 31-இல் எதிர்ப்பதிவு: வாடிக்கையாளர் கணக்கு 3,60,000 பற்று, வங்கிக் கணக்கு வரவு. வங்கிக் கணக்கு 2,50,000 பற்று, சரக்காளர் கணக்கு வரவு. விளக்கத்தில் காசோலை எண்களையும் தேதிகளையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றையும் அதன் நாளில் புதிதாகப் பதியலாம்.

இதன் விளைவைக் கவனியுங்கள். கடனாளிகள் 3,60,000 கூடுகிறார்கள், வங்கி 1,10,000 குறைகிறது, கடனீந்தோர் 2,50,000 கூடுகிறார்கள். லாபத்தில் ஒரு காசும் மாறாது. முதலாளிக்கு இதைச் சொன்னால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

மீதிப் பாதி உங்கள் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. திரும்பிய காசோலையை விட்டுவிட முடியாது. கணக்குகளில் இன்னும் கையெழுத்தாகவில்லை. ஏப்ரல் 17-இல் தெரியவந்த செய்தி, மார்ச் 31-இல் அந்த 3,60,000 எந்த நிலையில் இருந்தது என்பதற்கான சான்று. பதினைந்து நாளில் பணமில்லாதவர் மார்ச் இறுதியில் மட்டும் நல்ல நிலையில் இருந்திருப்பாரா? ஏப்ரலில் திடீரென ஏதேனும் நேர்ந்திருந்தால் ஒழிய, ஐயக்கடன் ஒதுக்கு பற்றி மார்ச் கணக்கிலேயே முடிவெடுக்க வேண்டும். லாபம் மாறுவது இங்கேதான்.

பழைய பதிவின் உண்மையான கேடும் இதுதான். காசோலையை வரவு வைத்த நொடியில் அந்த வாடிக்கையாளரின் பாக்கி பூஜ்யமாகிவிட்டது. வயதுவாரி நிலுவைப் பட்டியலில் அவர் பெயரே இருந்திருக்காது. கடன் வரம்பு காலியாக இருப்பதாகக் கருதி மார்ச் கடைசி வாரத்தில் அவருக்குப் புதிதாகச் சரக்கு அனுப்பியிருக்கிறார்களா என்று பாருங்கள்.

புதுப்பேரேடு எழுதியது:

பார்த்தேன். மார்ச் 26-இல் 75,000-க்கு அனுப்பியிருக்கிறார்கள்.

தணிக்கைமேசை எழுதியது:

அப்படியானால் உங்கள் இடர் 4,35,000. ஒதுக்கு எவ்வளவு என்று எண்ணிப் பார்க்கும்போது இந்த முழுத் தொகையையும் முன்னால் வையுங்கள்.

டேலிப்பயனர் எழுதியது:

டேலியில் இதற்கு வசதி இருக்கிறது. ரசீதோ செலுத்துகையோ பதியும்போது காசோலையின் தேதியையே பதிவுத் தேதியாகக் கொடுத்து `Ctrl+T` அழுத்தினால் அது `Post-Dated` பதிவாகும். அந்தத் தேதி வரும்வரை பேரேட்டு இருப்பைத் தொடாது. நாங்கள் அப்படித்தான் செய்கிறோம், நிம்மதியாக இருக்கிறது.

தணிக்கைமேசை எழுதியது:

நல்ல வசதிதான், ஆனால் தேதி வந்ததும் பதிவு தானாகவே கணக்கில் ஏறிவிடும். காசோலை வங்கிக்குப் போனதா என்பது மென்பொருளுக்குத் தெரியாது. "பொறுங்கள்" என்று வாடிக்கையாளர் சொன்ன மே காசோலை இதற்கு நேர் உதாரணம். மே 15-இல் 1,20,000 வங்கியில் வந்ததாகக் கணக்கு காட்டும், காசோலை கோப்பிலேயே கிடக்கும். அதனால் தனிப் பதிவேடு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்: காசோலை எண், வங்கி, தேதி, தொகை, யாரிடமிருந்து அல்லது யாருக்கு, எதற்காக, வங்கியில் போட்ட நாள், முடிவு. ஒவ்வொரு நாள் காலையிலும் அன்று தேதி வரும் காசோலைகளைக் கையில் எடுத்துப் பார்த்த பிறகே பதிவு நிலைக்க வேண்டும்.

வாடிக்கையாளருக்கு ரசீது கேட்டால், பின்தேதியிட்ட காசோலை பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டு மட்டும் கொடுங்கள். பணம் பெற்றதாக ரசீது வேண்டாம்.

எச்சரிக்கை_கணக்கு எழுதியது:

கொடுத்த காசோலை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதிவேடு என்பது கணக்குக்கு வெளியே இருக்கும் ஏடு. தொலைந்தால் தடயமே இல்லை. நான் பார்த்த நிறுவனங்களில் "கையிருப்பிலுள்ள பின்தேதிக் காசோலைகள்" என்று தனிப் பேரேடு திறந்து, அதைப் பற்று வைத்து, வாடிக்கையாளரை வரவு வைக்கிறார்கள். வங்கியைத் தொடுவதில்லை. இது தவறா?

தணிக்கைமேசை எழுதியது:

வங்கியைத் தொடாதவரை பெரிய தவறென்று சொல்ல மாட்டேன். காசோலைகளின் மேல் கட்டுப்பாடு கிடைக்கிறது என்பது உண்மை. ஆனால் இருப்புநிலைக் குறிப்பில் அந்தத் தொகை கடனாளிகளோடுதான் சேர வேண்டும், ரொக்கம் மற்றும் வங்கி இருப்போடு அல்ல. வாடிக்கையாளரின் பாக்கி குறைந்துவிடுவதால் வயதுவாரிப் பட்டியலிலும் கடன் வரம்பிலும் அதைக் கையால் திரும்பச் சேர்க்க வேண்டும். அந்த வேலையை யாராவது தவறாமல் செய்கிறார்களா என்பதில்தான் எனக்கு ஐயம். மார்ச் 26-இல் அனுப்பிய சரக்கு அந்த முறையிலும் போயிருக்கும்.

எச்சரிக்கை_கணக்கு எழுதியது:

வரம்பை இரண்டு பேரேடுகளையும் கூட்டிப் பார்க்கும்படி அமைத்துவிட்டால் போயிருக்காது. இதில் என் கருத்து மாறவில்லை.

புதுப்பேரேடு எழுதியது:

எதிர்ப்பதிவுகள் போட்டுவிட்டேன், வங்கி இருப்பு 1,10,000-இல் நிற்கிறது. இப்போது புதிய சிக்கல். வாடிக்கையாளரிடம் இருப்பு உறுதிக் கடிதம் கேட்டிருந்தோம். மார்ச் 31-இல் 75,000 மட்டுமே பாக்கி என்று கையெழுத்திட்டு அனுப்பியிருக்கிறார். காசோலை கொடுத்த அன்றே அவர் தன் கணக்கில் செலுத்தியதாக எழுதிவிட்டார் போலிருக்கிறது.

தணிக்கைமேசை எழுதியது:

அவர் ஏட்டில் அவர் எழுதியது அவர் பொறுப்பு, அதற்காக உங்கள் கணக்கை மாற்றாதீர்கள். 4,35,000-க்கும் 75,000-க்கும் இடையிலான 3,60,000-ஐ மூன்று காசோலை எண்களோடு காட்டும் ஒரு பக்க விளக்கம் தயாரித்து, திரும்பிய காசோலையின் வங்கிக் குறிப்பு நகலை இணைத்து, அவரிடம் மறுபடி கையெழுத்து கேளுங்கள். மே 15-க்கு முன்பே கேளுங்கள். கையெழுத்திடத் தயங்கினால், ஒதுக்கு எவ்வளவு என்ற கேள்விக்கு அதுவும் ஒரு சான்றாகும்.