63 சென்டிமீட்டர் ஃபிராக், துவைத்ததும் 59

கத்தரி:
தனக்குத் தெரிந்தவர், பக்கத்து வீட்டார் என்று அளவெடுத்துத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணின் கதை இது. பேட்டர்ன் வெட்டிக் கொடுப்பவன் என்ற அளவில்தான் எனக்கு இதில் பங்கு.

அவரிடம் ஒரு அளவு நோட்டு இருந்தது. குழந்தைகளின் ஃபிராக் அளவுகளை வரிசையாகப் பார்த்தபோது, பெரும்பாலானவை மூன்று அளவுகளுக்குள் அடங்கிவிடுவதைக் கண்டுபிடித்தார். 4, 6, 8 வயது. மார்பில் அளவுக்கு அளவு 4 செ.மீ. ஏற்றம், உயரத்தில் 6 செ.மீ. அட்டையில் பேட்டர்ன் வெட்டி வைத்தோம். கழுத்துப் பட்டியில் தைக்கச் சின்ன லேபிள் நெய்து வாங்கினார். ஒரு கடை 100 ஃபிராக் கேட்டது. ஒரே பருத்தித் துணி, இரண்டு ரோல். வீட்டில் இரண்டு மெஷின், ஒரு நாளைக்கு 8 உருப்படி.

26 தைத்து முடித்தாயிற்று. 38 வெட்டிய நிலையில் கட்டுக் கட்டாக இருக்கிறது. மீதி 54 மீட்டர் துணி வெட்டவில்லை. நாள் இன்னும் 12. அப்போது ஒரு ஃபிராக்கின் பாவாடையில் மெஷின் எண்ணெய் பட்டுவிட்டது. துவைத்துக் காயப்போட்டு, இஸ்திரி போட்டு அதே அளவில் தைத்த மற்றவற்றோடு மாட்டினார். மற்றவை 63 செ.மீ. தொங்க, அது மட்டும் 59-ல் நின்றது. முதுகில் ஜிப் அலை அலையாக வளைந்திருந்தது.

கடைக்காரரிடம் மெல்லக் கேட்டதற்கு, "பருத்தின்னா சுருங்கத்தான் செய்யும், நீங்க நாளுக்குக் கொடுங்கம்மா" என்றார். அப்படியே கொடுப்பதா, நிறுத்திச் சொல்வதா? அதுதான் இப்போது அவர் முன்னால் நிற்கிறது.

நூல்கண்டு:
இதற்கு எதற்கு இவ்வளவு யோசனை? "குளிர்ந்த நீரில் துவைக்கவும், நிழலில் உலர்த்தவும்" என்று லேபிளில் போட்டுவிட்டால் முடிந்தது. வெட்டாத துணியை உப்புத் தண்ணீரில் ஒரு இரவு ஊறப் போட்டால் சுருக்கமே வராது.

மெஷின்பெட்டி:
டி-ஷர்ட் தைத்தபோது எனக்கும் இதே தொல்லை. நீளத்தில் குறைந்து அகலத்தில் பரந்துகொண்டது. ஓவர்லாக்கில் நூல் இழுவையைத் தளர்த்தச் சொன்னார்கள். அதைப் பார்க்கச் சொல்லுங்கள்.

பாவுஊடை:
மெஷின்பெட்டி, உங்களுடையது பின்னல் துணி. அதில் கண்ணிகள் இடம் மாறும். இது நெய்த துணி, நூல் இழுவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நூல்கண்டு சொன்னதில் பாதி சரி. வெந்நீரும், உலர்த்தும் மெஷினின் சூடும் சுருக்கத்தைக் கூட்டும். ஆனால் முதல் சுருக்கத்துக்குச் சூடு தேவையே இல்லை. நெய்யும்போதும், அதன்பின் சாயம் போட்டு முடிக்கும்போதும் நீளவாட்டில் ஓடும் பாவு நூலை இழுத்துப் பிடித்தபடியே ஓட்டுகிறார்கள். அந்த இழுவை துணிக்குள் தங்கிவிடுகிறது. நனைந்ததும் நூல் ஊதி, தன் பழைய நிலைக்குத் திரும்பும். பச்சைத் தண்ணீர் போதும். அதனால்தான் நீளவாட்டில் அதிகமாகவும் அகலத்தில் குறைவாகவும் சுருங்குகிறது. உப்பு எதையும் தடுக்காது. ஊற வைத்ததால் துணி முன்கூட்டியே சுருங்கிவிடும், அவ்வளவுதான். பெயர் உப்புக்குப் போகிறது, வேலை செய்தது தண்ணீர்.

கத்தரி, ஒரு ஃபிராக்கை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வெட்டாத துணியில் 60 செ.மீ. சதுரம் வெட்டி, அதற்குள் 50 செ.மீ. சதுரத்தை நூலால் ஓட்டுத் தையல் போட்டுக் குறியுங்கள். பேனா மை கரைந்துபோகும். வீட்டில் துவைப்பதுபோலத் துவைத்து, உலர்த்தி, இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து வைத்து எடுத்து அளக்க வேண்டும். மூன்று முறை. பெரும்பகுதி முதல் துவைப்பிலேயே போய்விடும் என்றாலும், மிச்சம் எவ்வளவு என்று தெரிய வேண்டும்.

கத்தரி:
எண்ணெய் பட்ட ஃபிராக் வந்த ரோலில் செய்து பார்த்தோம். நீளத்தில் 50 என்பது 47, அகலத்தில் 49. இரண்டாவது, மூன்றாவது துவைப்பில் மாற்றம் தெரியவில்லை.

அவருக்கு இத்தனை வருடத்தில் இது ஏன் தெரியவில்லை என்று நானே கேட்டேன். முன்பு துணி வாடிக்கையாளருடையது. நனைத்துக் கொண்டுவரச் சொல்வார். அதையும் மீறிச் சுருங்கினால் பக்கத் தையலில் 3 செ.மீ. விட்டிருப்பார், பிரித்துக் கொடுப்பார். இப்போது ரெடிமேட் கணக்கில் 1 செ.மீ.தான் விடுகிறார். துணியையும் அவரே வாங்குகிறார்.

பட்டன்காஜா:
கடைக்கு அளவுத் தாளில் 63 என்றுதானே எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்? கடையில் அளந்தால் 63 இருக்கும். தாளில் எழுதியபடி நீங்கள் சரி. கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் துவைத்து, 8-ஐ 6 என்றும் 6-ஐ 4 என்றும் லேபிள் மாற்றுங்கள்.

பாவுஊடை:
லேபிள் மாற்றுவது கேட்க நன்றாக இருக்கிறது. உயரம் ஏறத்தாழ ஒரு அளவு கீழே போய்விட்டது உண்மை. ஆனால் மார்பு 2 சதவீதம்தான் குறைந்திருக்கிறது. 64 செ.மீ. மார்பு 62.7 ஆகும். ஒரு அளவு கீழே என்றால் 60 வேண்டும். கழுத்தும் தோளும் பெரிதாகவே நிற்கும், சின்னப் பிள்ளைக்குத் தோளிலிருந்து நழுவும். அதோடு 8 என்ற அளவே இல்லாமல் போகும், 4 வயது ஃபிராக் எல்லாம் யாரும் கேட்காத 2 வயதுக்கு வந்து நிற்கும்.

மூன்று குவியலையும் தனித்தனியாகப் பாருங்கள்.

வெட்டாத துணி எளிது. முழுவதையும் நனைத்து உலர்த்திய பிறகு வெட்டுங்கள். 54 மீட்டர் 6 சதவீதம் சுருங்கினால் 50.7 மீட்டர் வரும். ஃபிராக்குக்கு ஒன்றரை மீட்டர் என்றால் 36 அல்ல, 33தான். அகலமும் 110-லிருந்து 108-க்கு வரும். பேட்டர்னை அடுக்கிய லே அதில் அடங்குகிறதா என்று முதலில் தரையில் போட்டுப் பார்க்க வேண்டும். உலர்ந்ததும் துணி நேராக நிற்கிறதா என்று கரையையும் பாருங்கள், உலர்த்தும்போது கோணலாக இழுபட்டால் பாவாடை முறுக்கிக்கொள்ளும்.

வெட்டிய 38-ஐ நனைக்கவே கூடாது. ஓரம் நூல் பிரியும், கைக்குழியும் கழுத்தும் குறுக்கு வெட்டு என்பதால் இழுபட்டு வடிவம் போய்விடும். அதில் கை வைக்க ஒரே இடம் கீழ் மடிப்பு. எவ்வளவு விட்டிருக்கிறார்?

கத்தரி:
5 செ.மீ. மடிப்பு.

பாவுஊடை:
2 செ.மீ. ஆக்குங்கள். தைத்த உயரம் 66 ஆகும், துவைத்தபின் 62. மேல் உடல் 25 செ.மீ. இருந்தது 23.5 ஆகும், இடுப்புக் கோடு ஒன்றரை செ.மீ. ஏறும். குழந்தை ஃபிராக்கில் அது குறையாகத் தெரியாது.

ஜிப்பும் லைனிங்கும்தான் சிக்கல். ஜிப் நாடா சுருங்காது. 30 செ.மீ. ஜிப்பைச் சுற்றியுள்ள துணி 1.8 செ.மீ. சுருங்கினால் நாடா எங்கே போகும்? அலையாக எழும்பும். மேல் உடலுக்கு வைத்த கலப்பு லைனிங்கும் அப்படித்தான். அதை இடுப்புத் தையலில் சேர்த்துப் பிடித்திருந்தால் உள்ளே பை போலத் தொங்கும், கழுத்தில் வெளியே எட்டிப் பார்க்கும். 38-லும் ஜிப்பை விட்டுவிட்டுத் தனிப் பட்டி வைத்துப் பட்டன் போடுங்கள். லைனிங்கின் கீழ் ஓரத்தை ஓவர்லாக் அடித்து, இடுப்பில் பிடிக்காமல் தொங்க விடுங்கள்.

நூல்கண்டு:
அப்போ தைத்த 26?

கத்தரி:
அங்கேதான் மாட்டிக்கொண்டோம். கீழ் மடிப்பு பிரித்துத் தைக்க ஒன்றுக்குக் கால் மணி நேரம், மொத்தம் ஒரு நாள் வேலை. ஜிப்பைப் பிரித்துப் பட்டி வைத்து, லைனிங்கை இடுப்பிலிருந்து விடுவிக்க ஒன்றுக்கு ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. மூன்றரை நாள். மீதி 71-ஐத் தைக்கவே 9 நாள் ஆகும், நனைத்து உலர்த்த இரண்டு நாள். 12 நாளில் இடமில்லை.

வெறும் மடிப்பை மட்டும் மாற்றிக் கொடுத்தால் நாள் தப்பும், ஆனால் வாங்கியவர் வீட்டில் முதல் துவைப்பில் ஜிப் நெளியும். கழுத்தில் இருப்பது அவருடைய லேபிள்.

அவர் இரவு உட்கார்ந்து கடைக்காரருக்கு எழுதினார். சொன்ன நாளில் 71, ஒரு வாரம் கழித்து 26, மூன்று குறையும். எண்ணெய் பட்ட ஃபிராக்கையும் துவைக்காத ஒன்றையும் ஒரே ஹாங்கரில் மாட்டிப் படம் எடுத்து அனுப்பினார்.

பட்டன்காஜா:
படம் அனுப்பியிருக்க வேண்டாம். அடுத்த ஆர்டர் போயிற்று.

ஊசிமுனை:
எனக்கு அப்படித் தோன்றவில்லை. திரும்பி வருகிற துணியைக் கடைதான் முதலில் வாங்கிக்கொள்கிறது. பதில் என்ன வந்தது?

கத்தரி:
71-க்குச் சரி என்றார். 26 பற்றி "பார்க்கலாம்" என்று மட்டும்.

பாவுஊடை:
ஒன்று கேட்க மறந்தேன். இரண்டு ரோல் என்றீர்களே. இரண்டாவதையும் நனைத்துப் பார்த்தீர்களா? ஒரே துணி, ஒரே சாயம் என்றாலும் ரோலுக்கு ரோல் மாறும்.

கத்தரி:
இன்று காலைதான் பார்த்தோம். 50 என்பது 48.5. அதாவது சுருக்கம் பாதிதான். வெட்டாமல் கிடப்பதில் பெரும்பகுதி அதுதான், அதனால் 34 வந்தாலும் வரும். ஆனால் வெட்டிய 38 கட்டில் எது எந்த ரோல் என்று குறித்து வைக்கவில்லை. வெட்டின மிச்சமெல்லாம் ஒரே சாக்கில்.

ஊசிமுனை:
அட, கட்டுக்கு ஒரு சீட்டு குத்தியிருந்தால் போதுமே.

பாவுஊடை:
பதற வேண்டாம். 2 செ.மீ. மடிப்பில் தைத்த 66, முதல் ரோல் என்றால் 62 ஆகும், இரண்டாவது என்றால் 64. இரண்டுமே 63-க்கு ஒரு செ.மீ. இப்படி அப்படி. பிரிக்காமலே தைக்கலாம்.

பட்டன்காஜா:
ஒரே கம்பியில் ஒரே அளவு ஃபிராக் இரண்டு மாட்டினால் 2 செ.மீ. ஏற்ற இறக்கம் தெரியுமே.

பாவுஊடை:
கடையில் தெரியாது, எல்லாம் 66 தான். ஒரே அளவில் இரண்டு வாங்கியவர் வீட்டுக் கொடியில் வேண்டுமானால் தெரியும். அது வேண்டாம் என்றால் கட்டுக்கு ஒரு பாவாடைத் துண்டைப் பலி கொடுத்து நனைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை கட்டு?

கத்தரி:
ஆறு. ஆறு துண்டு போனால் ஆறு பாவாடை மறுபடி வெட்ட வேண்டும், அதற்கு நனைத்த துணியில்தான் எடுக்கணும். அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன். இப்போது மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருக்கிறார்.