செந்தூல் பி பிளாக் குழு: குமரனின் பச்சைச் சளி

திங்கள், இரவு

குமரன்: வணக்கம் எல்லோருக்கும். தேவி அக்காவிடம் ஒரு சந்தேகம். இருமல் தொடங்கி எட்டு நாள் ஆகிறது. முதல் இரண்டு நாள் காய்ச்சல் இருந்தது, அப்புறம் விட்டுவிட்டது. இப்போது காலையில் எழுந்ததும் பச்சைப் பச்சையாகச் சளி வருகிறது. தம்பிக்குப் பல் பிடுங்கியபோது கொடுத்த ஆக்மென்டின் ஆன்டிபயாட்டிக் ஆறு மாத்திரை வீட்டில் மீதி இருக்கிறது. சாப்பிடலாமா?

ராஜம் ஆன்ட்டி: ஐயோ, குழந்தைக்குக் கண்டதைக் கொடுக்காதே அப்பா. என் பேரனுக்கு இப்படித்தான் கொடுத்து உடம்பெல்லாம் தடிப்பு வந்துவிட்டது.

குமரன்: குழந்தைக்கு இல்லை ஆன்ட்டி, எனக்கு.

ராஜம் ஆன்ட்டி: ஓ. கண்ணாடி போடாமல் படித்தேன்.

முத்து அண்ணன்: குமரா, சளி பச்சையாக இருந்தால் அது பாக்டீரியா. வெள்ளையாக இருந்தால்தான் வைரஸ். ஆனால் ஆறு மாத்திரையோடு நிறுத்தாதே. அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். கிளினிக்கிற்குப் போய் முழு கோர்ஸ் வாங்கிச் சாப்பிடு. போன வருடம் தைப்பூசத்துக்குப் பத்துமலை போய் வந்து எனக்கும் இதே கதை. பத்து நாள் இருமிவிட்டு அப்புறம்தான் ஆன்டிபயாட்டிக் எடுத்தேன். நாலே நாளில் சரியாகிவிட்டது.

கலா: இவர் இரவு முழுக்க இருமுகிறார், எனக்கும் தூக்கம் இல்லை. ஏதாவது வழி சொல்லுங்கள்.

தேவி அக்கா: இப்போதுதான் என் மருந்துக் கடையை மூடிவிட்டு வந்தேன். குமரன், மாத்திரையை இப்போது தொடாதே. முதலில் சில கேள்விகள். மூச்சு வாங்குகிறதா? மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் ஒரு பக்கம் குத்துகிறதா? சளியில் ரத்தம் தெரிந்ததா? விட்ட காய்ச்சல் திரும்பி வந்ததா? ஆஸ்துமா உண்டா? கலா, அவர் டிவி பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது, அவருக்குத் தெரியாமல் ஒரு நிமிடம் மூச்சை எண்ணிப் பார். அப்படியே நாடித்துடிப்பும், காய்ச்சலும்.

கலா: எண்ணினேன் அக்கா. மூச்சு 18. நாடி 84, அவருடைய கைக்கடிகாரம் காட்டியது. காய்ச்சல் 36.8.

குமரன்: மூச்சு வாங்கவில்லை, குத்தவில்லை, ரத்தம் இல்லை, ஆஸ்துமாவும் இல்லை. லிஃப்ட் கெட்டுப்போய் நேற்று நாலு மாடி படியேறினேன், ஒன்றும் ஆகவில்லை. இருமல் மட்டும்தான்.

சுந்தரம் சார்: லிஃப்ட் விஷயமாக மேனேஜ்மென்டுக்குப் புகார் கொடுத்தாகிவிட்டது. புதன்கிழமை ஆள் வருவார்கள்.

தேவி அக்கா: சரி. நாங்கள் பயப்படுவது நிமோனியாவுக்குத்தான். மூச்சு நிமிடத்துக்கு 24-க்கு மேல், நாடி 100-க்கு மேல், காய்ச்சல் 38-க்கு மேல், ஸ்டெதஸ்கோப் வைத்தால் நெஞ்சில் ஓரிடத்தில் மட்டும் வேறு மாதிரிச் சத்தம், இவற்றில் எதுவும் இல்லாத ஆரோக்கியமான ஆளுக்கு நிமோனியா இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. ஸ்டெதஸ்கோப் என் கையில் இல்லை. மற்ற மூன்றும் உனக்கு நன்றாகவே இருக்கின்றன. நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் இது மூச்சுக்குழாய் அழற்சி, டாக்டர்கள் பிராங்கைடிஸ் என்று எழுதுவது. பெரும்பாலும் வைரஸால் வருவது.

முத்து அண்ணன்: அப்படியானால் பச்சை நிறம் எங்கிருந்து வந்தது?

தேவி அக்கா: நம் உடம்பிலிருந்தேதான் அண்ணே. வைரஸோடு சண்டை போட வரும் வெள்ளை அணுக்களுக்குள் பச்சை நிறத்தில் ஒரு என்சைம் இருக்கிறது. அவை செத்து உடையும்போது அது சளியில் கலந்துவிடும். இரவெல்லாம் தேங்கி நிற்கும் சளியில் அது அதிகம் சேருவதால், காலையில் துப்புவது கடும் பச்சையாகவும் மதியத்தில் வெளிறியும் இருக்கும். சண்டை நடக்கிறது என்று நிறம் சொல்லும். யாரோடு நடக்கிறது என்று சொல்லாது.

குமரன்: ஆமாம், மதியம் வெள்ளையாகத்தான் வருகிறது.

முத்து அண்ணன்: இருந்தாலும் மருந்து எடுத்தால் சீக்கிரம் போகும் அல்லவா? எனக்குப் போனதே.

தேவி அக்கா: உங்கள் கேள்வியையே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். ஸ்பெயினில் குமரனைப் போல நிறம் மாறிய சளியோடு வந்த, வேறு நோய் இல்லாத பெரியவர்கள் 416 பேரை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஆக்மென்டினில் இருக்கும் அதே மருந்து, ஒரு குழுவுக்கு இபுப்ரோஃபென், ஒரு குழுவுக்கு மருந்தே இல்லாத வெறும் மாத்திரை. 2013-இல் முடிவு வெளியானது. ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்கள் சராசரியாக இன்னும் 11 நாள் இருமினார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களும் 11 நாள்தான். வித்தியாசம் வயிற்றில்தான் தெரிந்தது. பக்கவிளைவு ஆன்டிபயாட்டிக் குழுவில் நூற்றுக்கு 12 பேருக்கு, வெறும் மாத்திரைக் குழுவில் 3 பேருக்கு.

முத்து அண்ணன்: இபுப்ரோஃபென் குழு?

தேவி அக்கா: 9 நாள்.

முத்து அண்ணன்: அப்படிச் சொல்லு! இபுப்ரோஃபென் வாங்கிக்கொள் குமரா.

தேவி அக்கா: அவசரப்படாதீர்கள் லா. அந்த இரண்டு நாள் வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம், அதை வைத்து மருந்து வேலை செய்தது என்று சொல்ல முடியாது. இபுப்ரோஃபென் வயிற்றுக்கு ஆகாது, குமரனுக்கு வேறு கேஸ்ட்ரிக் இருக்கிறது, என்னிடம்தான் மாத்திரை வாங்குகிறான். உடம்பு வலித்தால் பனடோல் போதும்.

கலா: அக்கா, வைரஸ் என்றால் ஒரு வாரத்தில் போயிருக்க வேண்டாமா? எட்டு நாள் ஆகிவிட்டதே.

தேவி அக்கா: எல்லோரும் ஏமாறுவது இங்கேதான். ஒரு வாரத்தில் போய்விடும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் இந்த இருமல் சராசரியாக 18 நாள் வரை இழுக்கும், சிலருக்கு மூன்று வாரம் தாண்டும். வைரஸ் முன்னாலேயே கிளம்பிவிடும். ஆனால் அது மூச்சுக்குழாயின் உள்தோலைச் சுரண்டிவிட்டுப் போகிறது. அங்கிருந்து சளியை மேலே தள்ளும் சின்ன இழைகள் உதிர்ந்துபோய் மறுபடி முளைக்க வேண்டும். அதுவரை இருமல்தான் அந்த வேலையைச் செய்யும். தோல் ஆறாததால் ஏர்கான் காற்று பட்டாலும் சிரித்தாலும் இருமல் வரும். இந்தக் கட்டத்தில் கொல்வதற்கு அங்கே கிருமியே இல்லை, ஆன்டிபயாட்டிக் என்ன செய்யும்? முத்து அண்ணன் பத்தாம் நாள் மாத்திரை எடுத்து, நாலு நாளில் சரியானது என்கிறார். கூட்டிப் பாருங்கள், பதினாலு நாள். அது தானாகவே இறங்கும் நேரம்.

முத்து அண்ணன்: நீ கணக்குப் போட்டுச் சொல்கிறாய். எனக்கு என்னவோ மருந்தால் போனது போலத்தான் இருக்கிறது. சரி, அப்படியானால் டாக்டர் ஏன் எழுதிக் கொடுத்தார்?

தேவி அக்கா: அவர் நெஞ்சில் என்ன கேட்டார் என்று எனக்குத் தெரியாது அண்ணே. ஒருவேளை காரணம் இருந்திருக்கும். ஒருவேளை நீங்களே கேட்டிருப்பீர்கள்.

முத்து அண்ணன்: கேட்டேன் 😄

ராஜம் ஆன்ட்டி: எனக்கும் மூன்று மாதமாக இருமல். சளியே வராது, தொண்டையில் அரிப்பு மாதிரி. எனக்கும் இதுதானா தேவி?

தேவி அக்கா: இல்லை ஆன்ட்டி, உங்களுடையது வேறு கதை. பிரஷருக்கு என்ன மாத்திரை? பெரிண்டோப்ரில்தானே? அது சிலருக்கு இப்படி வறட்டு இருமல் தரும். நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அடுத்த முறை கிளினிக்கில் சொன்னால் வேறு மாத்திரை மாற்றிக் கொடுப்பார்கள். மூன்று மாதம் என்பதால் எக்ஸ்ரேயும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

குமரன்: அப்போது எனக்கு எதுதான் உதவும் அக்கா?

தேவி அக்கா: நாளைக் குறைக்கும் மருந்து என்று எதுவும் இல்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தூங்க வைப்பதுதான் முக்கியம். படுக்கப் போகும்முன் ஒரு ஸ்பூன் தேன், அப்படியே சாப்பிடலாம், வெந்நீரிலும் கலக்கலாம். ஆதாரம் பெரிதாக இல்லை, ஆனால் பலருக்கு இரவு இருமல் குறைகிறது. தலையணையை உயர்த்திக்கொள். சளி வரும் இருமலைப் பகலில் அடக்காதே, துப்பிவிடு. இரவில் தாங்கவே முடியாவிட்டால் இருமலை அடக்கும் சிரப் ஒன்று இரண்டு இரவுக்குத் தருகிறேன், கடைக்கு வரும்போது மற்ற மாத்திரைகளைச் சொல்லிவிடு. சளி கரைக்கும் மாத்திரை கேட்பார்கள், அதனால் பலன் கொஞ்சம்தான், காசு மிச்சப்படுத்து.

கலா: ஆவி பிடிக்கலாமா?

தேவி அக்கா: மூக்கடைப்புக்குச் சுகமாக இருக்கும், இருமல் நாளைக் குறைக்காது. கொதிநீர்ப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு சுட்டுக்கொள்பவர்கள் உண்டு. வெந்நீரில் குளித்தால் அதே சுகம்தான். உங்கள் வீட்டில் கொசுவர்த்தி ஏற்றுகிறீர்களா?

கலா: தினமும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. அப்புறம் இவருடைய வேப் 🙄

குமரன்: குழுவில் சொல்லித்தான் ஆக வேண்டுமா?

தேவி அக்கா: அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! ஆறாத தோலில் அந்தப் புகை படுவதுதான் உன் இரவு இருமலுக்குப் பாதிக் காரணமாக இருக்கலாம். இருமல் நிற்கும்வரை மூன்றையும் நிறுத்து. கொசுவுக்கு வலை கட்டிக்கொள்ளுங்கள்.

ராஜம் ஆன்ட்டி: சாமிக்குப் போடும் சாம்பிராணியுமா?

தேவி அக்கா: சாமி இரண்டு வாரம் பொறுத்துக்கொள்வார் ஆன்ட்டி.

செவ்வாய், காலை

முத்து அண்ணன்: தேவி, இரவு யோசித்தேன். இரண்டு வாரத்துக்கு மேல் இருமினால் டிபி பரிசோதனை செய்யச் சொல்கிறார்களே. நீ 18 நாள் சாதாரணம் என்கிறாய். எது சரி?

தேவி அக்கா: நல்ல கேள்வி. இரண்டும் சரி, அதுதான் சங்கடம். நம் மலேசியாவில் டிபி இருப்பதால் இரண்டு வாரத்தைக் கோடாக வைத்திருக்கிறார்கள். பிராங்கைடிஸில் பலர் அந்தக் கோட்டைத் தாண்டுவார்கள். எடை குறைகிறது, இரவில் வியர்த்துக் கொட்டுகிறது, வீட்டிலோ வேலையிடத்திலோ யாருக்காவது டிபி வந்தது என்றால் நாள் எண்ணாமல் அரசாங்கச் சுகாதார நிலையமான கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய்விட வேண்டும், சளிப் பரிசோதனை செய்வார்கள். அது எதுவும் இல்லாமல் இருமல் மெல்லக் குறைந்துகொண்டே வந்தால் மூன்று வாரம்வரை பார்க்கலாம் என்பேன். வேறு ஃபார்மசிஸ்ட் பதினைந்தாம் நாளே போகச் சொல்வார், அதையும் தப்பு என்று சொல்ல மாட்டேன்.

குமரன்: என் வேலையிடத்தில் டார்மிட்டரி பையன் ஒருவனுக்குப் போன வருடம் டிபி வந்ததாகச் சொன்னார்கள். நான் அவனோடு வேலை செய்ததில்லை.

தேவி அக்கா: அப்படியா. அப்போது இரண்டு வாரம் முடிந்ததும் போய்க் காட்டிவிடு, காத்திருக்க வேண்டாம். அதற்குள் காய்ச்சல் திரும்பினாலோ, மூச்சு வாங்கினாலோ, ரத்தம் வந்தாலோ அன்றைக்கே போ. கொஞ்சம் தேறிய பிறகு மறுபடி மோசமானாலும் அப்படித்தான்.

கலா: நேற்று கொசுவர்த்தி இல்லை, தேன் கொடுத்தேன். இரண்டு முறைதான் எழுந்தார்.

முத்து அண்ணன்: தேனா, கொசுவர்த்தியா, வேப்பா, எது வேலை செய்தது?

தேவி அக்கா: ஒரு இரவை வைத்து எப்படிச் சொல்வது அண்ணே? குமரன், அந்த ஆறு மாத்திரையைக் குப்பையில் போடாதே, அரசாங்க மருத்துவமனை ஃபார்மசி கவுண்டரில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள். தம்பியிடம் கேள், அவன் ஏன் கோர்ஸை முடிக்கவில்லை?

குமரன்: வயிற்றுப்போக்காம் அக்கா.